பிறப்புப் பதிவேடு, 1989

பதிவேட்டின் தையல் விட்டுப் போயிருந்தது. ஸ்கேனரில் அப்படியே கவிழ்த்தால் தாள் தாளாகக் கழன்று வந்துவிடும். மல்லிகா ஒவ்வொரு பக்கமாக வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டு மூடியைப் போட்டாள். பக்கத்து மேசையில் ஒப்பந்தப் பையன் பிரபு அதைத் திரையில் பார்த்துத் தட்டச்சு செய்தான். குழந்தையின் பெயருக்கான கட்டம் பாதிக்கு மேல் காலி. பெயர் வைப்பதற்கு முன்பே வந்து பதிந்துவிட்டுப் போனவர்கள். இப்போது பாஸ்போர்ட்டுக்கு அலைவது அவர்கள்தான்.

"மேடம், தாய் பெயர்ல ரெண்டாவது என்ன எழுத்து?"

"லை. கலைச்செல்வி. தும்பிக்கை போட்ட பழைய லை."

"89லயுமா இப்படி எழுதினாங்க?"

எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல். ஆனால் பழகிய கை அரசாணைக்கா கட்டுப்படும்? இந்தக் கை தும்பிக்கையோடு நிற்கவில்லை. ழகரத்தின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து, நுனியில் ஒரு புள்ளியும் குத்தியிருந்தது.

மல்லிகா அந்தப் புள்ளியையே பார்த்தாள். மூன்றாம் வகுப்பில் அதே தும்பிக்கை லையை எழுதிக்காட்டி டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறாள். "எங்கப்பா இப்படித்தான் எழுதுவார் டீச்சர்" என்று சொன்னதற்கு இன்னொரு அடி.

அப்பா பம்பாயில் இருந்தார். கடிதம் மட்டும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா பிரித்த தாளை நீட்டுவாள். கவர் அதற்குள் அடுப்புக்குப் போயிருக்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மல்லிகாதான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள்.

"அரையாண்டுப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் 62 மதிப்பெண் பெற்ற விவரம் அறிந்து மகிழ்ச்சி. மேற்படி மதிப்பெண்ணை முழுஆண்டில் உயர்த்திக் காட்டவும். தம்பியின் இருமல் குறித்துத் தாமதமின்றி நடவடிக்கை எடுக்குமாறு அம்மாவிடம் தெரிவிக்கவும்."

எந்த அப்பா இப்படி எழுதுவார் என்று அப்போது தோன்றவில்லை. பெரிய ஆள், பெரிய ஊர், அப்படித்தான் எழுதுவார் என்று நினைத்தாள். இருபது வருடமாக இதே மொழியில் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள், இன்றைக்குத்தான் உறைத்தது.

அம்மா அப்போது இட்லிக்கடை போட்டிருந்தது இந்த ஆபீஸ் வாசலில்தான்.

"மேடம், அடுத்த பக்கம்?"

"இரு."

அலமாரியிலிருந்து 1990ஐ எடுத்தாள். முழுக்க அதே கை. 1991ஐ எடுத்துப் புரட்டினாள். ஜனவரி, மார்ச், மே. ஜூன் 14ஆம் தேதி, ஒரு பெண் குழந்தை, தெற்குத் தெரு. அதற்கு அடுத்த பதிவு வேறு ஒருவருடைய கிறுக்கல், சாதாரண லை.

அந்த வருடம்தான் அவள் அப்பாவிடம் சைக்கிள் கேட்டு எழுதியிருந்தாள். அப்புறம் கடிதமே வரவில்லை. பெரிய பொருளாகக் கேட்டதால் கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, கல்லூரி முடிக்கும்வரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை அவள்.

இரவு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன் கடைக்கு ஆபீஸ்லேருந்து யாரும்மா சாப்பிட வருவாங்க?"

"எல்லாரும்தான்."

"பொறப்பு, இறப்பு எழுதுற குமாஸ்தா?"

அம்மா ஒரு தண்டைக் கிள்ளினாள், இன்னொன்றைக் கிள்ளினாள். "எப்படித் தெரியும்?"

"எழுத்து."

"ஓ." கொஞ்ச நேரம் கீரையோடேயே இருந்தாள். "உங்கப்பன் போனவன் போனவன்தான். நீ தெனம் வாசல்ல நின்னு போஸ்ட்மேன் மூஞ்சியப் பாப்ப. அவர்கிட்ட ஒருநா சொல்லி அழுதேன். ரெண்டு வரி எழுதித் தரேம்மான்னார். காசு வாங்கல. மொத நாளு நாலு இட்லி குடுத்தேன், அதுக்கும் காசு வச்சிட்டுப் போயிட்டார்."

"நான் எழுதின பதிலெல்லாம்?"

"அவர்கிட்டதான் குடுப்பேன். படிச்சாத்தானே அடுத்தது எழுத முடியும்?"

"சைக்கிள் கேட்டு எழுதினேனே?"

"குடுத்தேன். படிச்சிட்டு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். மறுவாரம் மாத்தல் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போக வந்தார்." அம்மா ஆய்ந்த கீரையை அலசப் போட்டாள். "புதுசு என்ன வெலைன்னு எங்கிட்ட கேட்டாரு, தெரியுமா? எனக்கென்னடி தெரியும் சைக்கிள் வெலை!"