வியாழக்கிழமை டெமோவில் நான் கேட்கப் போகும் கேள்விகள்

உங்கள் நால்வரின் ரோபோ சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓடுவதைப் போன வாரம் பார்த்தேன், பிடித்திருந்தது. வியாழக்கிழமை அதை ஓட விட்டபடியே பேசுவோம். கேள்விகளை முன்கூட்டியே தருகிறேன். பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம், ரோபோவை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சென்சாரிலிருந்து ஆரம்பிக்கலாம். HC-SR04 உங்களுக்குத் தூரத்தைத் தருவதில்லை, நேரத்தைத்தான் தருகிறது. 30 செ.மீ. தூரத்துக்கு எத்தனை மைக்ரோவினாடி வரும், 58 ஆல் ஏன் வகுக்கிறீர்கள்? 20 டிகிரியில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மதியம் லேப் 35 டிகிரியைத் தொடும்போது உங்கள் 30 செ.மீ. எவ்வளவு தப்பாகும், அந்தத் தப்பு உங்களுக்கு முக்கியமா? சுவர் சாய்வாக இருந்தால், அல்லது சுவருக்குப் பதில் திரைச்சீலை தொங்கினால், எதிரொலி எங்கே போகிறது?

எதிரொலி திரும்பி வராமல் `pulseIn` காத்திருந்து ஓய்ந்துபோனால் கையில் கிடைப்பது 0. அந்த 0-வை உங்கள் கோடு என்ன செய்கிறது? சுவர் மூக்கில் இடிக்கிறது என்று நினைத்து எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்புகிறதா? போன வாரம் கதவு இடைவெளியைத் தாண்டும்போது அது சட்டென்று திரும்பியதே, காரணம் இதுதானா என்று லாகில் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், நேர வரம்பு எதுவும் தராவிட்டால் `pulseIn` 1 வினாடி வரை காத்திருக்கும். வினாடிக்கு 40 செ.மீ. வேகத்தில் அந்த 1 வினாடிக்குள் ரோபோ எங்கே போயிருக்கும்?

அடுத்தது லூப். உங்கள் கோடில் இந்த வரி இருக்கிறது:

```
D = Kd * (error - lastError) / 0.02;
```

லூப் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓடுகிறது என்று இந்த வரி நம்புகிறது. உண்மையிலேயே அப்படித்தான் ஓடுகிறதா, `micros()` வைத்து அளந்தீர்களா? ஒவ்வொரு சுற்றிலும் `Serial.print` வழியாகச் சுமார் 40 எழுத்து அனுப்புகிறீர்கள். 9600 பாட் ரேட்டில் ஒரு எழுத்துக்குச் சுமார் 1 மில்லிவினாடி ஆகும், இடையகம் நிரம்பியதும் லூப் அங்கேயே நின்றுவிடும். அப்படியானால் பிரிண்ட் வரிகளை எடுத்ததும் ரோபோவின் நடத்தை ஏன் மாறியது?

இனி இரைச்சல். நான் அதிக நேரம் நிற்கப் போவது இங்கேதான், ஏனென்றால் நிஜ உலகத்தில் ஓடும் எல்லா ரோபோவுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ரோபோவை அசையாமல் சுவர் முன்னால் வைத்து 200 ரீடிங் எடுத்து வாருங்கள். அவை எவ்வளவு சிதறுகின்றன? அடுத்தடுத்த இரண்டு ரீடிங்குக்கு நடுவே 3 மி.மீ. வித்தியாசம் வந்தால், மேலே இருக்கும் வரி அதை வினாடிக்கு 15 செ.மீ. வேகம் என்று எடுத்துக்கொள்ளும், ரோபோ நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றாலும். `Kd`-ஐ ஏற்றியதும் மோட்டார் கிர்ரென்று நடுங்கியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

10 ரீடிங்கின் சராசரி எடுக்கிறோம் என்றீர்கள். சரி, ஒன்பது 30-க்கு நடுவே ஒரு 300 வந்தால் சராசரி என்ன? 57. அதையே 5 ரீடிங்கை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் என்ன வரும்? இதைவிடப் பெரிய கேள்வி தாமதம். 10 ரீடிங் சராசரி உங்களுக்குச் சுமார் 90 மில்லிவினாடி பழைய செய்தியைத் தருகிறது, அதற்குள் ரோபோ 3.6 செ.மீ. ஓடிவிட்டது. சராசரியை 30 ரீடிங்காகக் கூட்டினால் வளைவு மென்மையாகிறதா, இல்லை ரோபோ பாம்பு போல் ஆட ஆரம்பிக்கிறதா? டெமோவில் மூன்று அளவுகளிலும் ஓட்டிக் காட்டுங்கள்.

ஒரு சோதனை நானே செய்வேன். மோட்டார் ஓடும்போது ரோபோவைத் தூக்கி, 10 வினாடி கையில் பிடித்திருந்துவிட்டு இறக்குவேன். அந்த 10 வினாடியும் `Ki` பகுதி கூட்டிக்கொண்டே போகும். இறக்கியதும் என்ன நடக்கும், அதற்கு எங்கே வரம்பு போட்டிருக்கிறீர்கள்?

மோட்டார் ஓடும்போது மட்டும் ரீடிங் குழம்புகிறதா, நிறுத்தினால் சரியாகிறதா? அப்படியென்றால் கோடைத் திருத்தும் முன் வயரைப் பாருங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா, சென்சாரும் மோட்டாரும் ஒரே பேட்டரியில்தான் தொங்குகின்றனவா?

நன்றாக ஓடிய வீடியோ மட்டும் போதாது. ரோபோ சுவரில் மோதிய அந்த ஓட்டத்தின் லாகையும் கொண்டு வாருங்கள், அதிலிருந்துதான் கேட்க ஆரம்பிப்பேன்.