வெள்ளித் தேர் புறப்படும் நேரம்

பாதையை நீயே தேர்ந்தெடுக்கும் கதை

இந்தக் கதையை வரிசையாகப் படிக்க வேண்டாம். முதலாம் பகுதியில் தொடங்கு. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நீ எடுக்கும் முடிவுக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுள்ள பகுதிக்குச் செல். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் ஓரிடத்தில் ஒரு சொல்லைக் குறித்து வைக்கச் சொல்வேன். கதைக்கு நான்கு முடிவுகள் உண்டு. எந்தப் பாதையில் போனாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டாய் என்று உறுதி கூறுகிறேன்.

1

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை ஐந்து மணி. மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரம். லெபோ குவீன் தெருவில் உள்ள உங்கள் மாடிவீட்டின் சன்னல் வழியே சாம்பிராணி மணம் வருகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில், லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து முருகனைச் சுமந்துகொண்டு வெள்ளித் தேர் புறப்படும். காரைக்குடியில் செய்யப்பட்டு 1894ஆம் ஆண்டில் கப்பலேறி வந்த தேர் அது. அதற்கு முன்னால் நாதஸ்வரம் வாசிக்கப் போகிறவர் உன் மாமா.

"அடடா! உங்கள் மாமா சீவாளிப் பெட்டியை மறந்துவிட்டுப் போயிருக்கிறானே!" என்று பாட்டி பதறுகிறார். சாமி அலமாரியின் ஓரத்தில் சிறிய தகரப் பெட்டி ஒன்று கிடக்கிறது. நாதஸ்வரத்தின் உயிரே நாணலில் செய்த சீவாளிதான். மாமா திருவாவடுதுறையிலிருந்து தருவித்தவை அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. மேளச் சத்தத்தில் அவர் கைப்பேசியை எடுக்கவே இல்லை.

"நீ ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வா, கண்ணு. இரண்டு தெரு தள்ளித்தானே?"

பெட்டியைக் கையில் எடுக்கிறாய். அதன் மூடி 'டக், டக்' என்று ஆடுகிறது.

மூடியைத் திறந்து பார்க்க விரும்பினால், 6ஆம் பகுதிக்குச் செல்.
நேரத்தை வீணாக்காமல் உடனே கிளம்பினால், 9ஆம் பகுதிக்குச் செல்.

2

யாரோ ஒருவரின் முழங்கை உன் தோளில் இடிக்கிறது. தளர்ந்திருந்த மூடி திறந்துகொள்ள, சீவாளிகள் தேங்காய்த் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் தார்ச்சாலையில் சிதறுகின்றன. நீ குனிவதற்குள் பல கால்கள் அவற்றின்மேல் ஏறிவிடுகின்றன. நெஞ்சு படபடக்கப் பொறுக்கிப் பார்க்கிறாய்: எல்லாம் பிளந்துவிட்டன. வாய் இன்னும் சீர் செய்யப்படாத, தடித்த சீவாளி ஒன்று மட்டும் முழுதாக இருக்கிறது. அதை உன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறாய்.

நேராக மாமாவிடம் போய் நடந்ததைச் சொன்னால், 7ஆம் பகுதிக்குச் செல்.
வீட்டுக்குத் திரும்பிப் பாட்டியிடம் சொன்னால், 10ஆம் பகுதிக்குச் செல்.

3

அடுத்த சந்தின் முனையில் இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் மனிதர்களின் முதுகுகள் மட்டுமே தெரிகின்றன. "வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!" என்ற முழக்கம் எழ, வெள்ளிக் கலசம் ஒன்று தலைகளுக்கு மேலே மெல்ல நகர்ந்து போகிறது. தேர் புறப்பட்டுவிட்டது.

கண்ணீர் முட்டுகிறது. தடுப்பருகே நிற்கும் பெரியவர், உன் கையிலுள்ள பெட்டியையும் உன் முகத்தையும் பார்க்கிறார். "வீட்டு எண் தெரியுமா? நான் அழைத்துப் பேசுகிறேன்," என்கிறார். சற்று நேரத்தில் பாட்டி மூச்சு வாங்க வந்து சேர்கிறார். பெரியவர் வழி சொல்கிறார்: "தேர் வாசலுக்கு வாசல் நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு போகும், அம்மா. தண்ணீர்மலை அடிவாரம் போய்ச் சேர இரவாகிவிடும். நீங்கள் கொம்தார் பக்கமாக நடந்தால், ஜாலான் டத்தோ கெராமட்டில் அதை முந்திவிடலாம்."

14ஆம் பகுதிக்குச் செல்.

4

லெபோ பாசார் பகல்போல் ஒளிர்கிறது. இருபுறமும் தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. தமிழர்கள் மட்டுமல்லாமல் சீனர்களும் குடும்பம் குடும்பமாக வந்து, தேர் வரும் வழியைத் தூய்மைப்படுத்தும் தேங்காய் உடைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் நீயும் அந்தப் பக்கம் சாய்கிறாய். உன் கால்கள் உன் பேச்சைக் கேட்பதாயில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொள்கிறாய்.

உன் தாளில் 'நூல்' என்ற சொல் இருந்தால், 11ஆம் பகுதிக்குச் செல்.
இல்லையென்றால், 2ஆம் பகுதிக்குச் செல்.

5

சிறுவன் உன் விரலைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக உன்னைத் தண்ணீர்ப் பந்தலுக்கு இழுத்துச் செல்கிறான். அண்டாவில் மோர் கலக்கிக்கொண்டிருந்த அவனுடைய அம்மா, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனை வாரி அணைத்துக்கொள்கிறார். அதற்குள் தேர் புறப்படும் மேளம் முழங்கிவிடுகிறது. உன் கையிலிருக்கும் பெட்டியின் கதையைக் கேட்டதும், அந்த அம்மா பந்தலின் ஒலிபெருக்கியை வாங்கி, "நாதஸ்வரக் கலைஞர் அவர்களே, உங்கள் சீவாளிப் பெட்டி எங்கள் பந்தலில் பத்திரமாக இருக்கிறது!" என்று தெரு முழுவதும் கேட்கும்படி அறிவிக்கிறார்.

தேர் பந்தலுக்கு நேரே நிற்கும்போது, மாமா வரிசையிலிருந்து விலகி உன்னிடம் வருகிறார். நீ கொடுத்த சீவாளியைப் பொருத்தி, பந்தலின் முன்னாலேயே ஒரு பாடலை முழுதாக வாசிக்கிறார். அது முடியும்வரை தேரும் நகரவில்லை. அதன் பிறகு நண்பகல்வரை, வெயிலில் வருகிறவர்களுக்கு நீ மோர் எடுத்துக் கொடுக்கிறாய். அந்தச் சிறுவன் உன் பக்கத்தில் நின்று காகிதக் குவளைகளை எண்ணி அடுக்குகிறான். புறப்படும்போது பந்தல்காரர்கள், அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்று உன் பெயரைத் தொண்டர்கள் பட்டியலில் எழுதிக்கொள்கிறார்கள்.

முடிவு: பந்தலின் புதிய தொண்டர்.

6

துணியில் சுற்றிய சீவாளிகள் உள்ளே இருக்கின்றன. மூடியின் கொக்கி உடைந்திருப்பதைப் பார்த்த பாட்டி, பூசைத் தட்டிலிருந்து மஞ்சள் நூலை எடுத்துப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டித் தருகிறார். உன் தாளில் 'நூல்' என்று குறித்துக்கொள்.

9ஆம் பகுதிக்குச் செல்.

7

மாமாவின் முன்னால் போய் நிற்கிறாய். சொல்லத் தொடங்கும்போதே குரல் உடைகிறது. ஆனாலும் மூடி ஆடியது முதல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கிறாய். மாமா உன் தலையில் கை வைக்கிறார். "நாதஸ்வரத்தில் மாட்டியிருப்பதை வைத்து இன்று சமாளிக்கிறேன். துணைக்கு வாசிப்பவரும் இருக்கிறார். அந்தத் தடித்த சீவாளியைத் தொலைக்காமல் வைத்திரு. இரவு பாட்டியோடு தண்ணீர்மலை அடிவாரத்துக்கு வந்துவிடு."

13ஆம் பகுதிக்குச் செல்.

8

கோவில் வீட்டின் வாசலை அடைகிறாய். விளக்கொளியில் வெள்ளித் தேர் முழுவதும் மின்னுகிறது. மாலைகளுக்கு நடுவே முருகனின் முகம் மட்டும் தெரிகிறது. மாமா கவலையோடு தம் நாதஸ்வரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் பொருத்தியிருந்த சீவாளி ஓரத்தில் கீறிவிட்டது.

"மாமா!"

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நீ மறக்கமாட்டாய். பெட்டியைத் திறந்து ஒரு சீவாளியை எடுத்து, நாவில் நனைத்து, நாதஸ்வரத்தின் மேல்முனையிலுள்ள கெண்டை என்ற சிறு குழலில் பொருத்தி, ஒரு முறை மெல்ல ஊதுகிறார். தவில்காரர் தலையசைக்கிறார். கம்பீர நாட்டையில் மல்லாரி எழுகிறது. சுவாமி புறப்பாட்டுக்கென்றே வாசிக்கப்படும் அந்த இசை, உறங்கிக்கொண்டிருந்த மாடிச் சன்னல்களையெல்லாம் திறக்க வைக்கிறது. காளைகள் முதல் அடியை எடுத்து வைக்கின்றன. உன்னை அனுப்பிவிட மாமாவுக்கு மனமில்லை. தேருக்கு முன்னால், தம் வலப்பக்கத்தில், பெட்டியைச் சுமந்து வரும்படி சைகை காட்டுகிறார். லெபோ சூலியாவரை நீயும் மேளக்குழுவில் ஒருவராக நடக்கிறாய்.

முடிவு: மல்லாரிக்கு முன்வந்த பெட்டி.

9

தெருவில் இறங்குகிறாய். மாரியம்மன் கோவில் பக்கமிருந்து உறுமி மேளம் கேட்கிறது. வலப்பக்கம் லெபோ பாசார். வெளிச்சமும் நெரிசலும் நிறைந்த நேர்வழி அது. கடைகளின் பின்புறம் ஒரு சந்து இருக்கிறது; சுற்றுவழிதான், ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை.

லெபோ பாசார் வழியாகப் போனால், 4ஆம் பகுதிக்குச் செல்.
சந்து வழியாகப் போனால், 12ஆம் பகுதிக்குச் செல்.

10

பாட்டி திட்டவில்லை. உடைந்த சீவாளிகளை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய மரப்பெட்டியை இழுக்கிறார். உன் தாத்தாவும் நாதஸ்வரக்காரர்தான். அவருடைய சீவாளிகள் பட்டுத்துணிக்குள் இன்னும் மஞ்சள் நிறத்தோடு இருக்கின்றன. "இத்தனை காலம் இவற்றை எதற்காக வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. வா, தேர் மெதுவாகத்தான் போகும். நாம் முந்திக்கொண்டு போய் ஜாலான் டத்தோ கெராமட்டில் நிற்போம்," என்கிறார்.

14ஆம் பகுதிக்குச் செல்.

11

பெட்டி இரு முறை நசுங்கப் பார்க்கிறது. மஞ்சள் நூல் பிடிவிடவில்லை. லெபோ பினாங்கின் முனையை அடைந்து மூச்சு வாங்கும்போது, உன் முழங்காலை யாரோ பிடிக்கிறார்கள். நான்கு வயதிருக்கும் ஒரு சிறுவன். அழுது அழுது முகம் சிவந்திருக்கிறது. "அம்மா பந்தல்ல இருக்காங்க," என்று விக்கலுக்கு நடுவே சொல்கிறான். சில அடி தள்ளி ஒரு காவலர் நிற்கிறார்.

சிறுவனை நீயே பந்தலுக்கு அழைத்துப் போனால், 5ஆம் பகுதிக்குச் செல்.
காவலரிடம் அவனை ஒப்படைத்து, அம்மா இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டு நடந்தால், 8ஆம் பகுதிக்குச் செல்.

12

பெட்டியை இரு கைகளாலும் பிடித்தபடி, சாக்கடை ஓரமாகக் கவனமாக நடக்கிறாய். சந்து முடியும் இடத்தில் தேர்க்காளைகளுக்கு அலங்காரம் நடக்கிறது. கொம்புகளில் குஞ்சம், கழுத்தில் சலங்கை, முதுகில் சரிகைத் துணி. "ஓடாதே, பிள்ளை! காளை மிரளும். இதோ முடித்துவிட்டு நானே உன்னை வாசலுக்குக் கூட்டிப் போகிறேன்," என்கிறார் மாட்டுக்காரர்.

அவர் சொன்னபடி காத்திருந்தால், 8ஆம் பகுதிக்குச் செல்.
பொறுமையிழந்து அடுத்த சந்துக்கு ஓடினால், 3ஆம் பகுதிக்குச் செல்.

13

இரவு. தண்ணீர்மலை அடிவாரத்தில், நகரத்தார் கோவில் வாசலுக்குத் தேர் வந்து சேர்ந்துவிட்டது. மேலே, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து நிற்கும் பாலதண்டாயுதபாணி கோவிலின் விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. மாமாவுக்குக் களைப்பு, ஆனாலும் உன்னைத் தம் அருகில் உட்கார்த்தி, அந்தத் தடித்த சீவாளியை வாங்குகிறார்.

"இதற்கு இன்னும் வாய் திறக்கவில்லை. நீதான் திறக்கப் போகிறாய்."

சிறு கத்தியால் நுனியை எப்படி மெலிதாக்குவது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், இரு இதழ்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அவருடைய கை உன் கையின்மேல் இருக்கிறது. பலமுறை நனைத்து, பலமுறை சீவி, கடைசியில் அதை உதட்டில் வைத்து ஊதுகிறாய். முதலில் காற்று மட்டும் வருகிறது. மூன்றாம் முறை, சீவாளி 'பீ' என்று உரக்கக் கத்துகிறது! தவில்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டி அதற்குப் பதில் சொல்கிறார். பூசம் முடிந்ததும் ஞாயிறுதோறும் பாடத்துக்கு வரும்படி மாமா சொல்கிறார்.

முடிவு: நீ திறந்த சீவாளி.

14

ஜாலான் டத்தோ கெராமட்டின் ஓரத்தில், பாட்டியோடு ஒரு பந்தலின் நிழலில் காத்திருக்கிறாய். வெயில் ஏறியபின் தேர் வருகிறது. உடைந்த தேங்காய் ஓடுகளை இயந்திரங்கள் வாரி ஒதுக்க, அந்த வழியில் காளைகள் நடந்து வருகின்றன. துணை நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. மாமா தம் நாதஸ்வரத்தைத் தோளில் சாய்த்தபடி நடக்கிறார்.

தேர் நிற்கும் நேரம் பார்த்து நீ ஓடிப்போய், கொண்டுவந்த சீவாளியை அவர் உள்ளங்கையில் வைக்கிறாய். அவர் பாட்டியைப் பார்க்கிறார், உன்னைப் பார்க்கிறார், பேசாமல் அதை வாயில் வைத்து நனைக்கிறார். அடுத்த கணம் இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. பந்தலில் இருந்தவர்கள் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள்.

விடியலிலிருந்து நடந்து வந்த தாளக்காரர், தம் தாளத்தை உன்னிடம் நீட்டுகிறார். "நான் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை நீ போடு. மாமாவின் கால் தரையில் படும்போதெல்லாம் ஒரு தட்டு." பாட்டி உன்னைப் போகச் சொல்லிக் கண்ணால் சைகை காட்டுகிறார். முதல் தட்டு பிந்துகிறது, இரண்டாவது முந்துகிறது, அதன் பிறகு பிசகவில்லை. தாளக்காரர் திரும்பி வந்தபோதும் உன்னிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஜாலான் உத்தாமா திரும்பும்வரை நீயே போட்டுக்கொண்டு வருகிறாய்.

முடிவு: தேரின் தாளக்காரர்.