மாமா, சரிகிற கோடு மழை இல்லை

மாமா, தோட்டத்து மழைக் கணக்கு என்று நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏப்ரலுக்கு அப்புறம் கோடு சரிந்துகொண்டே போகிறதே, ஏற்காட்டில் மழை குறைந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆரஞ்சுக் கோடு மழையைக் காட்டவில்லை, வெயிலைக் காட்டுகிறது.

படத்தின் மேல் மூலையில், பேட்டரி அடையாளத்துக்குக் கீழே, சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறது பாருங்கள். எந்த நிறம் எதற்கு என்று அதில்தான் போட்டிருக்கிறார்கள். நீலப் பட்டை இந்த வருட மழை. சாம்பல் பட்டை, "5-yr avg", போன ஐந்து வருடச் சராசரி. ஆரஞ்சுக் கோடு "Max Temp", அதாவது பகல் வெப்பம்.

கீழே J F M A என்று வரிசையாக இருப்பது மாதங்கள். இடது ஓரத்து எண்கள் மழை, மில்லிமீட்டரில். கோட்டுக்குக் கோடு 50. வலது ஓரத்து எண்கள் வெப்பத்துக்கு மட்டும். அவை 0-வில் தொடங்காமல் 20 டிகிரியில் தொடங்குகின்றன. அதனால்தான் ஏப்ரலில் 29, ஆகஸ்டில் 24 என்ற ஐந்து டிகிரி இறக்கம் மலையிலிருந்து உருண்டு விழுகிற மாதிரி தெரிகிறது. மழை மேகம் மூடினால் வெயில் இறங்கும், அவ்வளவுதான்.

மழைக்கு நீலத்தை மட்டும் பாருங்கள். மே 170-ஐத் தொட்டு, ஜூனில் 110-க்கு இறங்கி, அப்புறம் மாதாமாதம் ஏறி, செப்டம்பரில் 230 வரை போயிருக்கிறது. ஆகஸ்டும் செப்டம்பரும் சாம்பலைத் தாண்டியே நிற்கின்றன. அக்டோபர் பட்டை குட்டையாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் மட்டும் சாய்கோடு போட்டிருக்கிறது. 12-ஆம் தேதி வரை பெய்த கணக்கு அது. பக்கத்துச் சாம்பல் பட்டையோ முழு மாதத்துக்கு. பன்னிரண்டு நாளை முப்பத்தொரு நாளோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை.

எனக்கு உறுத்துவது மார்ச். நீலம் 34 மில்லிமீட்டர், சாம்பலைவிடக் கொஞ்சம் உயரம். பார்த்தால் நல்ல சேதிதான். ஆனால் பட்டை மாத மொத்தத்தைத்தான் சொல்லும். காப்பியைப் பூக்க வைக்கிற பூ மழைக்குக் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் ஒரே மூச்சில் விழ வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர், ஆக இந்த 34, இஞ்சில் நூறில் ஒரு பங்கைச் சென்ட் என்கிற உங்கள் கணக்கில் ஒரு இஞ்ச் 34 சென்ட். அது ஒரே சாயங்காலம் கொட்டியிருந்தால் காப்பி மொட்டு மொத்தமாக விரிந்திருக்கும். நாலைந்து நாள் தூறலாகப் பிரிந்து விழுந்திருந்தால் பாதி மொட்டு அப்படியே நின்றிருக்கும். இரண்டுக்கும் இந்தப் படத்தில் ஒரே உயரம்தான்.

அது உங்கள் மழைமானி நோட்டில்தான் இருக்கும். மார்ச் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன்.