டீச்சரம்மா சீட்டு, தமிழ்ல

அண்ணாச்சி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பக்கத்து வீட்டு டீச்சரம்மா மலையாளத்துல எழுதுன ஓண மளிகைச் சீட்டு. காலையில நான் அனுப்புன போட்டோவைப் பார்த்து எடுத்துக் கட்டிராதீங்க. மடிச்ச இடத்துல ரெண்டு வரி நசுங்கிக் கிடக்கு, கீழ் மூலையில என் கட்டைவிரல் வேற விழுந்திருக்கு. சீட்டைக் கையில வாங்கிப் படிச்சு, கீழே எழுதியிருக்கேன். இதுதான் கணக்கு. இலைக்கு 25 பேர்.

மொதல்ல, மலையாளத்துல தமிழ் மாதிரியே இருந்து ஆளைக் கவுக்குறது.

"முளகு 1/4" – காஞ்ச மிளகாய், கால் கிலோ. மிளகு இல்லைங்க. மிளகுன்னா அவங்க "குருமுளகு"ன்னு எழுதுவாங்க, இந்தச் சீட்டுல அது இல்லவே இல்லை. விஷுவுக்கு நான்தான் அவசரத்துல போன்ல மிளகுன்னு சொல்லி, அரைக்கிலோ மிளகு வந்து எறங்குச்சு. இன்னும் அதைத்தான் ரசத்துக்குப் போட்டுத் தீர்க்கறோம்.
"சர்க்கர 3 கி" – வெல்லம் மூணு கிலோ. அடப் பிரதமனுக்கு, நல்லா கறுத்த வெல்லமாப் பாருங்க. சர்க்கரைக்கு அவங்க "பஞ்சசார"ம்பாங்க, அது தனியா ரெண்டு கிலோ இருக்கு.
"கடல 1/2" – நிலக்கடலை இல்லை. கூட்டுக்கறிக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை, அரைக்கிலோ.
"பயறு 1/4" – ஓலனுக்கு. சிவப்புத் தட்டப்பயறு.
"பரிப்பு 1" – நானும் துவரம்பருப்புன்னுதான் நெனைச்சேன். கேட்டா, "அதைத்தானே கீழே துவரன்னு எழுதியிருக்கேன்"னு அதட்டு. இது வறுத்து நெய் ஊத்துற பாசிப்பருப்பு, ஒரு கிலோ. துவரை ஒண்ணரை.

இனி சுருக்கெழுத்து. "வெ"ன்னு மூணு எடத்துல போட்டிருக்காங்க. "வெ.எ 2 லி" தேங்காயெண்ணெய், ரெண்டு லிட்டர். "வெ.உள்ளி 1/4" பூண்டு. மூணாவது, காய்கறிக்குள்ள வெறும் "வெ 1 கி". வெண்டக்காயா, வெள்ளரிக்காயா? பச்சடிக்கு வெள்ளரிதான் வேணும்னு எனக்குத் தோணுது, ஆனா டீச்சரம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் அதை மட்டும் நிறுத்தி வைங்க.

"ம.பொ" ரெண்டு தடவை வருது, ஒண்ணு 100, ஒண்ணு 500. மஞ்சப்பொடி நூறு, மல்லிப்பொடி ஐநூறு. மாத்திட்டீங்கன்னா சாம்பாரு மாரியம்மன் கோயில் தண்ணி மாதிரி ஆயிரும். "சு.உள்ளி 2" சின்ன வெங்காயம். "சவாள 3" பெரிய வெங்காயம். "காயம் கட்டி 50" கட்டிப் பெருங்காயம், தூள் வேண்டாம்.

"அரி 10" மட்ட அரிசி, பத்துக் கிலோ. அதுக்குக் கீழே ரெண்டு புள்ளி வச்சு "பச்ச 2". அதாவது பச்சரிசி ரெண்டு கிலோ. பச்சை மிளகாய்னு எடுத்துராதீங்க.

"501 – 3"ங்கறதைப் பார்த்து என் வீட்டுக்காரர் "ஐநூத்தியொண்ணு என்னடி?"ன்னு முழிச்சாரு. துணி துவைக்கற பார் சோப்பு அது, மூணு கட்டி. "கண்ணாடி 2" பியர்ஸ் சோப்பு. "நீலம்"னா உஜாலா, சின்ன பாட்டில் ஒண்ணு. "க.தே. 1/2" கண்ணன் தேவன் தேத்தூள் அரைக்கிலோ, வேற கம்பெனி தந்தா திருப்பி அனுப்பிருவாங்க, நான்தான் பேச்சு வாங்கணும்.

காய்: நேந்திரங்காய் 5 கிலோ, வறுக்கறதுக்கு, பழுக்காததா. சேனை 2. "இளவன் 1" வெள்ளைப் பூசணி, "மத்தன் 1" மஞ்சப் பூசணி. இது ரெண்டும் கிலோவா முழுக்காயான்னு சீட்டுல இல்லை. போன வருசம் முழுக்காயாத்தான் எடுத்தாங்க, அப்பிடியே போடுங்க, நடுத்தரமா.

மடிப்புல நசுங்குனது: "அட 2 பா". பாலடைப் பாயசத்துக்கு அரிசி அடை பாக்கெட் ரெண்டு. இன்னொண்ணு "பப்படம்", எண்ணிக்கை 50ஆ 60ஆன்னு பேனா மை பரவிப் போச்சு. 60 போட்டுருங்க, மிஞ்சினா நாங்க எடுத்துக்கறோம். என் கட்டைவிரலுக்கு அடியில இருந்தது "நெய் 1/2 கி". அதுல சந்தேகம் இல்லை.

நெய், அரிசி, வெல்லம் மூணையும் இன்னைக்கே எடுத்து வச்சிருங்க அண்ணாச்சி. காசு மகன் கையில குடுத்தனுப்பறேன். வண்டி கோபாலபுரம் தாண்டினதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, முக்குல வந்து நிக்கறேன்.