முடிக்குச் சாயம் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நேரில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், இல்லையென்றால் கோபப்பட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் இரண்டு பேரும் முழுதாகப் படித்துவிடுங்கள், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.

இந்த விடுமுறையில் என் முடிக்குச் சாயம் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன். தலை முழுக்க இல்லை. பின்கழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும் முடியில், அதுவும் பாதிக்குக் கீழே மட்டும். கருஞ்சிவப்பு நிறம். மேல்முடி அதன்மேல் விழுந்து மூடிக்கொள்ளும். பின்னல் போட்டால் இடையில் கொஞ்சம் தெரியும், கொண்டை போட்டால்தான் நன்றாகத் தெரியும்.

இது திடீரென்று வந்த ஆசை இல்லை. போன வருடம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே மனதில் இருந்தது. அப்போது கேட்டால் படிப்பில் கவனம் இல்லை என்று நீங்கள் நினைப்பீர்களே என்று தள்ளிப் போட்டேன். தோழி போட்டிருக்கிறாள் என்பதற்காகவும் கேட்கவில்லை. என் வகுப்பில் போட்டவர்களும் இருக்கிறார்கள், போடாதவர்களும் இருக்கிறார்கள், யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை. நான் என்ன உடுத்துவது, முடியை எவ்வளவு நீளம் விடுவது என்பதெல்லாம் இதுவரை நீங்கள் முடிவு செய்தது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போது, இது நானே தேர்ந்தெடுத்தது என்று ஒன்றாவது இருக்க வேண்டும் போல இருக்கிறது. சரியாகச் சொல்ல வரவில்லை, ஆனால் உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது.

அம்மா, உங்களுடைய முதல் கவலை எதுவென்று எனக்குத் தெரியும். நரையை மறைக்க நீங்கள் கறுப்புச் சாயம் போட்ட அன்று ராத்திரி காதோரம் எல்லாம் சிவந்து, அரிப்புத் தாங்காமல் நீங்கள் தூங்கவே இல்லை. மறுநாள் கண் இமை வீங்கியிருந்ததை நான் மறக்கவில்லை. அதை நினைத்துத்தான் இவ்வளவு விவரமாகத் தேடிப் படித்தேன். நிரந்தரச் சாயங்களில், முக்கியமாகக் கறுப்பிலும் அடர் நிறங்களிலும், பாராபினைலின்டையமின் என்ற பொருள் இருக்கும். பெட்டியில் சுருக்கமாக பி.பி.டி. என்றும் போட்டிருப்பார்கள். பலருக்கு ஒவ்வாமை வருவது இதனால்தான். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். உங்களுக்கு வந்ததும் இதனாலா என்று தோல் மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல முடியும். நீங்கள் மறுபடி எதையாவது போடுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள், இது என் வேண்டுகோள்.

உங்களுக்கு வந்ததால் எனக்கும் வரும் என்று சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பொருள் இல்லாத சாயமாகத்தான் பார்த்திருக்கிறேன். அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூட அதில் இல்லை. நிரந்தரச் சாயம் முடியின் மேலுறையைத் திறந்து உள்ளே போய் நிறத்தை உண்டாக்குகிறது. நான் சொல்வது முடியின் வெளிப்பகுதியில் ஒட்டி நிற்கும் வகை. அலச அலச மங்கிவிடும். பெயரில் 'மூலிகை' என்று இருப்பதை மட்டும் பார்த்து நம்பவில்லை. அப்படி எழுதியிருக்கும் சில பொடிகளிலும் பி.பி.டி. கலந்திருப்பதுண்டு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைத்தான் படித்தேன். நீங்களும் ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்படியும் நேராகத் தலையில் போடப் போவதில்லை. முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு அளவு தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதை உங்கள் கண் முன்னால் செய்கிறேன். கொஞ்சம் சிவந்தாலும், கொஞ்சம் அரித்தாலும் அதோடு விட்டுவிடுகிறேன், அதற்கப்புறம் உங்களைக் கேட்டு நச்சரிக்கவே மாட்டேன். சோதனையில் ஒன்றும் வராவிட்டாலும் பிறகு வராது என்பதற்கு முழு உத்தரவாதம் இல்லையாம். அதனால்தான் கீழ்முடியில் மட்டும் என்று முடிவு செய்தேன். தலைத்தோலில் படவே படாது.

வயதைப் பற்றியும் பார்த்தேன். ஐரோப்பிய நாடுகளில் விற்கும் நிரந்தரச் சாயப் பெட்டிகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது அல்ல என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். எனக்கு 16 முடிந்துவிட்டது, நான் கேட்பதும் அந்த வகை இல்லை. ஆனாலும் அந்த எச்சரிக்கையைப் படித்த பிறகுதான் நிரந்தரச் சாயம் என்ற எண்ணத்தையே விட்டேன்.

ப்ளீச்சும் செய்யப் போவதில்லை. அது முடியில் இருக்கும் இயற்கையான நிறத்தையே எடுத்துவிடும், முடி வறண்டு உடையும். நீங்கள் இத்தனை வருடம் சிக்கெடுத்து, பின்னிவிட்டு வளர்த்த முடி இது. அதை அப்படிக் கெடுக்க எனக்கு மனசு வராது. ப்ளீச் இல்லாமல் கறுப்பு முடியில் போட்டால் நிறம் பளிச்சென்று தெரியாது, அதுவும் தெரியும். ஜன்னல் பக்கம் நின்று என் முடி நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஏற்கெனவே அது கொஞ்சம் செம்பழுப்பாகத்தான் இருக்கிறது. அதன்மேல் இந்த நிறம் வீட்டுக்குள் கறுப்பாகவே இருக்கும், வெயிலில் வந்தால் சிவப்பாக மின்னும். எனக்கு அது போதும். அதுதான் வேண்டும் என்றே சொல்லலாம்.

அப்பா, நீங்கள் பள்ளியைப் பற்றிக் கேட்பீர்கள். முடியில் நிறம் இருக்கக் கூடாது என்று பள்ளி விதியிலேயே இருக்கிறது, அதை மீற மாட்டேன். பள்ளி திறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எட்டுப் பத்து முறை அலசினால் இந்தச் சாயம் வெகுவாக மங்கிவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நுனி கொஞ்சம் வறண்டிருப்பதால் அங்கே லேசாகக் கறை நிற்க வாய்ப்பு உண்டு. நின்றால் திறப்பதற்கு முந்தின வாரம் அந்த நுனியை வெட்டிவிடுகிறேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வளரும், அதனால் எனக்கு அது பெரிய இழப்பு இல்லை.

செலவு என் சேமிப்பிலிருந்து. போடும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும், பின்பக்கம் எனக்குக் கை எட்டாது. கையுறை, பழைய துண்டு, கழுத்தில் தடவ வாசலின் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். குளியலறைச் சுவரில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே நானே துடைத்துவிடுவேன். முதல் சில நாள் தலையணையில் நிறம் ஒட்டலாம், அதற்குப் பழைய உறை போட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் போட்டிருக்கலாம். உள்ளே இருப்பதுதானே, பின்னிவிட்டால் பல நாள் உங்கள் கண்ணிலேயே படாது. ஆனால் ஒவ்வொரு முறை அம்மா சீப்பை எடுக்கும்போதும் நான் பயந்து ஒதுங்க வேண்டியிருக்கும். அப்படி எனக்கு வேண்டாம்.

முடியாது என்று நீங்கள் சொன்னால் போட மாட்டேன். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள், எதனால் என்று சொல்லுங்கள். நிறம் பிடிக்கவில்லையென்றால் இன்னும் அடர்த்தியானது பார்க்கலாம். அளவு அதிகம் என்றால் ஒரு கற்றை மட்டும் போதும். இப்போது வேண்டாம், பள்ளி முடிந்த பிறகு என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன், வருத்தமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமைக்குள் இரண்டு பேரும் பேசி முடிவு சொன்னால், ஞாயிற்றுக்கிழமை கையில் தடவிப் பார்க்கத் தொடங்கலாம். பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்
நிலா