3-பி கயல்விழியின் காலை நேர வயிற்று வலி பற்றி

திண்டுக்கல்
12.10.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிஸ்டருக்கு,

வணக்கம். நான் 3-பி கயல்விழியின் அம்மா. வயிற்று வலி என்று அவள் உங்கள் அறைக்கு வந்து படுத்த நாட்களில் மூன்று தடவை போனில் பேசியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கடையில் சொல்லிவிட்டு அவசரமாக வந்து கூட்டிப்போனதில் உங்களிடம் நின்று பேச முடியவில்லை. இந்த வாரம் டாக்டரைப் பார்த்தோம், சில விஷயங்கள் புரிந்தன. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலி ஜூலை மாதம் ஆரம்பித்தது. காலையில் எழுந்திருக்கும்போது நன்றாகத்தான் இருப்பாள். பல் தேய்த்து, குளித்து, இரண்டு இட்லி சாப்பிடுகிற வரைக்கும் ஒன்றும் இருக்காது. 7:10க்குச் சீருடை போடும்போது முகம் மாறும். ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியிருப்பாள், இன்னொரு சாக்ஸ் கையில் இருக்கும், கொல்லைப்பக்கப் படியில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவாள். 7:35க்கு வேன் வந்துவிடும். அந்த 25 நிமிடமும் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நல்லபடியாகப் பேசியதில்லை.

வீட்டு வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். என் மாமியார் இரண்டு தடவை திருஷ்டி கழித்தார். பிறகு தொக்கம் எடுக்கிற இடத்துக்கும் கூட்டிப்போனார், அங்கே என்னவோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார்களாம். மறுநாள் வலி இல்லை. அது சனிக்கிழமை.

நானும் சும்மா இருக்கவில்லை, சிஸ்டர். 'நடிக்காதே' என்று திட்டியிருக்கிறேன். ஒரு நாள் முதுகில் ஒரு அடியும் வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டு நாய்க்குட்டியோடு ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? நீங்களும் அப்படி நினைத்திருந்தால் தப்பில்லை.

போன செவ்வாய்க்கிழமை குழந்தைகள் டாக்டரிடம் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை, உயரம் பார்த்தார். எடை 23 கிலோ, குறையவில்லை. சிறுநீர், மலம் இரண்டும் பரிசோதித்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று. கல், கட்டி, கிருமி எதுவும் இல்லை. பள்ளியில் கொடுத்த குடற்புழு மாத்திரை சாப்பிட்டதையும் சொன்னேன். பெருங்குடலில் மலம் தேங்கியிருக்கிறது என்றார். 'பாத்ரூம் தினமும் போகிறாளா?' என்று கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எட்டு வயசுப் பிள்ளை, தானே போய்த் தானே வருகிறாள், நான் எங்கே கவனித்தேன்? அவளிடமே கேட்டார். மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சாப்பிட்டதும் குடல் அசைந்து கொடுக்குமாம், அப்போதுதான் வெளிக்கு வருமாம். காலைப் பரபரப்பில் இவள் அதை அடக்கிவிடுகிறாள். உள்ளே தேங்கிக் கெட்டியானதால் முறுக்குகிறது. அதோடு பயமும் சேர்ந்தால் வலி இன்னும் கூடும் என்றார். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு இல்லை, மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு, ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி வலிதான் என்று அவள் எதிரிலேயே சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

என்ன பயம் என்பது அவருக்கும் தெரியவில்லை. நாள்கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் ஆகஸ்டிலிருந்து வலி வந்த நாளிலெல்லாம் 'வ' என்று போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தோம். செப்டம்பரில் மட்டும் 11 'வ'. சனி, ஞாயிறு ஒன்றுகூட இல்லை, அது எதிர்பார்த்ததுதான். காலாண்டு விடுமுறை 9 நாளும் காலண்டர் சுத்தமாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமையிலும் ஒரு 'வ' இல்லை, இரண்டு மாதத்தில் ஒன்றுகூட! இந்த வாரமும் திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி வலித்தது, வியாழன் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே வேன் ஏறினாள்.

வியாழக்கிழமை பி.டி. பீரியட் இருக்கிறது, விளையாட்டு என்றால் வலி ஓடிவிடுகிறது என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பையைத் தூக்கியபோது கனமாக இருந்தது. 750 மில்லி தண்ணீர் பாட்டில், காலையில் நான் நிரப்பியது, கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். 'குடிச்சா ஒண்ணுக்கு வரும்லம்மா' என்றாள். வந்தால் போக வேண்டியதுதானே என்றேன். அதற்கு, 'கதவைப் பிடிச்சுக்க ஆள் இல்லையே' என்றாள்.

விஷயம் இதுதான், சிஸ்டர். மாடிப்படி ஓரம் இருக்கிற பெண் பிள்ளைகள் கழிப்பறையில் உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லையாம். போன வருஷம் அவளும் அவள் தோழியும் ஜோடியாகப் போவார்களாம், ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாளாம். ஜூனில் பிரிவு மாற்றியபோது அந்தப் பெண் 3-ஏவுக்குப் போய்விட்டாள். இந்த வகுப்பில் யாரையும் அப்படிக் கூப்பிட இவளுக்குக் கூச்சம். ஜூலையில் ஒரு நாள் தனியாகப் போனபோது யாரோ கதவைத் தள்ளித் திறந்து சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து காலை 7:35 முதல் சாயங்காலம் 4:30 வரை என் பெண் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். வியாழக்கிழமை மட்டும் ஏ, பி இரண்டு பிரிவுக்கும் சேர்த்து பி.டி. வருகிறது. அன்றைக்குக் கதவைப் பிடிக்க ஆள் உண்டு.

இதைக் கேட்டபோது வாசலில் நின்றுகொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதுகில் அடித்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த நாளும் காலண்டரில் இருக்கிறது.

தாழ்ப்பாளைப் பற்றி முதல்வர் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். அதை உங்கள் தலையில் கட்டவில்லை, ஆயாம்மா மேல் குறை சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். நூறு பிள்ளைகள் போகிற இடத்தை அவர் ஒருவரே கழுவுகிறார்.

உங்களிடம் நான் கேட்பது வேறு. உங்கள் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாள் இருப்பதைப் போன தடவை வந்தபோது பார்த்தேன். தினமும் காலை இடைவேளையிலும், மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பத்து நிமிடம் அவள் அதைப் பயன்படுத்த அனுமதிப்பீர்களா? சாப்பிட்ட பிறகு அவசரமில்லாமல் உட்கார்ந்து பழக வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்க வேண்டியில்லாதபடி வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பெரிய உதவி. டாக்டர் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

வலிக்கிறது என்று அவள் வந்தால் படுக்க விடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். வலி மாத்திரையோ, வாயு மருந்தோ இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். என்னையும் உடனே கூப்பிட வேண்டாம். கல் மனசு என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குக் கூட்டிவந்தால் பள்ளிக்கூடம்தான் வலி, வீடுதான் மருந்து என்று வயிறு பழகிவிடும் என்றார் டாக்டர்.

ஆனால் காய்ச்சல் இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் என்று சொன்னாலோ, வலி தொப்புளை விட்டு வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கினாலோ, நடக்கும்போது குனிந்து பிடித்துக்கொண்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் எனக்குச் சொன்னது எல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

இன்னொன்று. 'இன்னிக்கு வலிக்குதா' என்று நாமாகக் கேட்கக் கூடாதாம். காலையில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது, நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது. நீங்களும் அவளைப் பார்த்தால் தண்ணீர் குடித்தாயா என்று மட்டும் கேளுங்கள். அவள் வந்துபோன நேரத்தையும் அதற்கு முந்தைய பீரியடையும் டைரியில் ஒரு வரி குறித்து அனுப்பினால், என் காலண்டரோடு ஒத்துப் பார்த்து அடுத்த மாதம் டாக்டரிடம் காட்டுவேன்.

தோழியின் பேரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். 'அவகிட்ட சொல்லிடாதம்மா, சிரிப்பா' என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் உங்களுக்கு எழுதுவது தெரியும், ஆனால் கதவு விஷயத்தை எழுதினேன் என்பது தெரியாது. அவள் எதிரில் அந்தப் பேச்சை எடுக்காமல், 'மதியம் சாப்பிட்டதும் என்னை வந்து பாரு' என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

ராத்திரியில் 10 மில்லி லாக்டுலோஸ் சிரப் கொடுக்கிறோம், அது வீட்டோடு சரி, பள்ளிக்குக் கொடுத்தனுப்பவில்லை. முதல் இரண்டு வாரம் சில நேரம் அவசரமாக வரலாம் என்பதால், பையின் முன் ஜிப்பில் நீலத் துணிப்பையில் ஒரு ஜட்டியும் பாவாடையும் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அதை எடுத்துக்கொடுங்கள். அழுக்கானதை அப்படியே கவரில் போட்டுக் கட்டிவைத்தால் போதும், நீங்கள் அலச வேண்டாம்.

வியாழக்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல் விடுப்பு. 3:30 மணிக்கு வந்து உங்களை நேரில் பார்க்கலாமா என்று டைரியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செல்வி
(கயல்விழியின் அம்மா)

பின்குறிப்பு: அவள் அப்பா எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறார். அனுமதி கிடைத்தால் சனிக்கிழமையே வந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்று குதிக்கிறார். முதல்வர் அம்மாவிடம் இதை எப்படிச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று வியாழக்கிழமை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.