புதிய மின்மாற்றி அமைத்துத் தரக் கோரி மனு

நாள்: 12.05.2025

அனுப்புநர்:
வடக்குத் தெரு மற்றும் குளக்கரைத் தெரு குடியிருப்போர்
(கையொப்பமிட்டோர் 137 பேர்)

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின்வாரியம், இயக்குதலும் பராமரித்தலும்

பொருள்: மின்மாற்றியில் அதிகப் பளு, குறைந்த மின்னழுத்தம் – குளக்கரைத் தெருவில் கூடுதலாக 100 கே.வி.ஏ. மின்மாற்றி அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இரண்டு தெருக்களுக்கும் வடக்குத் தெரு முனையில் உள்ள 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றிலிருந்துதான் மின்சாரம் வருகிறது. 2009-இல் அதை நிறுவியபோது 90 இணைப்புகள் இருந்தன. இன்று 214. குளக்கரைத் தெருவில் மட்டும் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்ததில் 46 ஏ.சி.கள் இருக்கின்றன. இரவில் அவற்றில் 40 ஓடினாலே ஏறத்தாழ 60 கிலோவாட் ஆகிறது. மிச்சமிருப்பதில்தான் 214 இணைப்புகளின் விளக்கும் மின்விசிறியும் ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டும்.

சென்ற மாதம் ஃபியூஸ் போட வந்த ஊழியர் இரவு பத்து மணிக்கு டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஆர் ஃபேஸில் 171, ஒய்யில் 128, பி-யில் 164 ஆம்பியர். 100 கே.வி.ஏ. மின்மாற்றியின் முழுப் பளு ஒரு ஃபேஸுக்கு சுமார் 133 ஆம்பியர்தான் என்பது தாங்கள் அறிந்ததே. பளு கால் பங்கு கூடினால் சுருளில் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். இது இப்படியே தினமும் நான்கைந்து மணி நேரம் நடந்தால் ஒருநாள் மின்மாற்றியே எரிந்துபோகும் என்று அஞ்சுகிறோம்.

ஏப்ரல் 1 முதல் 30 வரை 17 இரவுகள் ஃபியூஸ் போனது. பெரும்பாலும் ஒன்பதரை மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில். மழையிலும் நடுராத்திரியிலும் வந்து ஏறிச் சரிசெய்யும் ஊழியர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு ஃபேஸ் போனதும் சில வீடுகளை அடுத்த ஃபேஸுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு வெளிச்சம் வருகிறது. மறுநாள் அந்த ஃபேஸும் போகிறது.

மின்சாரம் இருக்கும்போதும் கடைசி வீடுகளின் நிலைமை மோசம். மின்மாற்றியிலிருந்து கடைசிக் கம்பம் 700 மீட்டர். அங்கே இரவில் 168 வோல்ட் வரை இறங்கியதை எலக்ட்ரீஷியனாக உள்ள எங்கள் தெருக்காரர் மல்டிமீட்டரில் அளந்து குறித்திருக்கிறார். டியூப்லைட் சிமிட்டுகிறது, ஏ.சி. கம்ப்ரசர் முக்கிவிட்டு நின்றுவிடுகிறது. இந்த வருடம் ஐந்து வீடுகளில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் முதியவர் ஒருவரும் அந்தக் கோடியில்தான் இருக்கிறார். அவருக்காகக் குடும்பத்தார் இரவெல்லாம் இன்வெர்ட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச் மாதம் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது ஆய்வுக்கு வந்தார்கள். வந்தது பகல் பன்னிரண்டு மணி. அந்நேரம் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். 'வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். தயவுசெய்து இம்முறை இரவு ஒன்பதரைக்கு மேல் அளக்கச் சொல்லுங்கள்.

இருக்கும் மின்மாற்றியை எடுத்துவிட்டு 200 கே.வி.ஏ. வைப்பது எளிது என்று தோன்றலாம். அதனால் ஃபியூஸ் போவது நிற்கும். ஆனால் 700 மீட்டர் தாழ்வழுத்தக் கம்பி அப்படியே இருப்பதால் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் ஏறாது. எனவே குளக்கரைத் தெருவில் தண்ணீர்த் தொட்டி அருகே, பழைய மின்மாற்றியிலிருந்து 500 மீட்டரில், இரண்டாவது மின்மாற்றி வைத்துப் பளுவைப் பிரித்துத் தருமாறு கேட்கிறோம். அப்போது எந்த வீடும் மின்மாற்றியிலிருந்து 300 மீட்டருக்கு மேல் இராது. 11 கே.வி. லைன் அந்த இடத்திற்கு 40 மீட்டர் தள்ளிப் போகிறது. இரட்டைக் கம்பம் நட இடமுண்டு, பொது இடம், வழியை மறிக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் வேப்பமரத்தின் ஒரு கிளையை மட்டும் வெட்ட வேண்டியிருக்கும். மரத்தை வெட்ட வேண்டாம்.

மதிப்பீடு தயாராகிப் பணி முடியச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை மூன்று ஃபேஸ்களிலும் பளுவைச் சமமாகப் பிரித்துத் தந்தால் இந்தக் கோடையை ஓட்டிவிடுவோம். மின்சாரச் சட்டம் 2003-இன் 57-ஆம் பிரிவு உரிமதாரரின் சேவைத் தரம் பற்றிப் பேசுகிறது. அதைக் காட்டிக் குறைதீர் மன்றத்துக்குப் போகும் எண்ணம் இப்போது எங்களுக்கு இல்லை. தாங்கள் நேரில் வந்து பார்த்தால் அதற்குத் தேவையும் இராது. இடத்தைக் காட்ட எங்களில் இருவர் எந்நேரமும் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடக்குத் தெரு, குளக்கரைத் தெரு குடியிருப்போர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், ஏப்ரல் மாத மின்தடைக் குறிப்பு, வோல்டேஜ் அளவுகள், ஆட்சேபணையின்மைக் கடிதங்கள், இடத்தின் வரைபடம்.

நகல்: உதவி செயற்பொறியாளர், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர், வார்டு உறுப்பினர்.